வீட்டு வைஃபை, சார்ஜர், ஒரு மாத்திரை: அப்பாவின் போனில் ஆறு வாரம்

அப்பாவுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. ஒன்றே ஒன்றுதான். அதற்காக அவர் போனில் ஒன்பது மணிக்கு அலாரம் வைத்திருந்தோம். ஆனால் மதுரைக் கீழவாசல் பக்கம் இருக்கும் அவருடைய இரும்புச் சாமான் கடை, ஒரு நாள் எட்டேகாலுக்கு மூடும், சரக்கு வந்த நாளில் பத்து மணி ஆகும். ஒன்பது மணி அலாரம் பெரும்பாலும் அவர் கல்லாவில் பணம் எண்ணும்போது அடிக்கும், இல்லாவிட்டால் ஸ்கூட்டரில் திருநகர் நோக்கி வந்துகொண்டிருக்கும்போது. நிறுத்திவிடுவார். வீட்டுக்கு வந்து, கால் கழுவி, சாப்பிட்டு, செய்தி பார்த்துப் படுத்துவிடுவார். மாதக் கடைசியில் அட்டையில் மாத்திரை மிஞ்சியிருப்பதை அம்மாதான் கண்டுபிடித்தார்.

அப்பா மறதிக்காரர் இல்லை. மாத்திரை இல்லாத இடத்தில் அலாரம் அடித்ததுதான் கோளாறு. மாத்திரை வீட்டில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. அப்படியானால் அலாரம் நேரத்தைப் பார்த்து அடிக்கக் கூடாது, அவர் வீட்டுக்கு வந்ததைப் பார்த்து அடிக்க வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்பதற்குப் போனிடம் இரண்டு எளிய அடையாளங்கள் உண்டு. ஒன்று, வீட்டு வைஃபையில் சேர்வது. இன்னொன்று, சார்ஜரில் செருகப்படுவது. டிசம்பர் விடுமுறைக்கு மதுரை போனபோது இந்த இரண்டையும் வைத்து ஒரு ஏற்பாடு செய்தேன். அது ஒழுங்காக நடக்க ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதல் வடிவம்

அப்பாவிடம் இருப்பது ஆண்ட்ராய்டு 13 ஓடும் நடுத்தர விலைப் போன். அதில் மேக்ரோட்ராய்டு என்ற செயலியைப் போட்டேன். அதே வேலையைச் செய்யும் டாஸ்கர் என்ற செயலி இன்னும் நுணுக்கமானது. ஆனால் நான் சென்னை திரும்பிய பிறகு ஏதாவது மாற்ற வேண்டுமென்றால், அம்மாவுக்குப் போனில் சொல்லி அவர் திரையில் தொடும்படி இருக்க வேண்டும். மேக்ரோட்ராய்டில் தூண்டுதல், செயல், நிபந்தனை என்று மூன்று பெட்டிகள்தான். இலவசப் பதிப்பில் ஐந்து மேக்ரோ வரை வைத்துக்கொள்ளலாம், எங்களுக்கு அதுவே போதும்.

தூண்டுதல்: `Wifi State Change`, அதில் `Connected to Network`, அதில் எங்கள் வீட்டு வைஃபையின் பெயர். செயல்: `Display Notification`, "அப்பா, சாப்பிட்டதும் மாத்திரை". பத்து நிமிட வேலை. அன்று இரவே அப்பா வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது சட்டைப் பையிலிருந்து சத்தம் வந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு, கடை விடுமுறை. அன்று நினைவூட்டல் ஏழெட்டு முறை வந்தது. மாலைக்குள் அப்பா பார்க்காமலே தள்ளிவிட ஆரம்பித்துவிட்டார். நினைவூட்டல் வராமல் இருப்பதைவிட இது மோசம், ஏனென்றால் அந்தச் சத்தத்துக்கே காது பழகிவிடுகிறது. ஏன் இத்தனை முறை என்று பார்க்க, வைஃபை சேரும்போதும் விடும்போதும் நேரத்தை ஒரு கோப்பில் எழுதும்படி இரண்டு மேக்ரோ வைத்தேன். ஒரு வேலை நாளின் பதிவு இப்படி இருந்தது:

```
09:22  cut
21:14  join
21:40  cut
21:41  join
22:06  cut
22:07  join
```

காலை 9:22-க்குக் கடைக்குக் கிளம்பியிருக்கிறார், இரவு 9:14-க்கு வீடு வந்திருக்கிறார். மற்ற நான்கு வரிகளிலும் அவர் வீட்டுக்குள்தான் இருந்தார். எங்கள் ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் தருகிறது. அப்பா பேசிக்கொண்டே மாடிக்குப் போனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி எட்டாமல் அறுந்துவிடும், ஒரு நிமிடத்துக்குள் போன் 2.4-இல் மறுபடி சேரும். கீழே வந்தால் திரும்பவும் அதே கதை. நமக்கு அது ஒரே வைஃபை. போனுக்கோ ஒவ்வொரு முறையும் புதிதாக நடக்கும் இணைப்பு.

அதாவது "வீட்டுக்கு வந்தார்" என்ற செய்தி போனில் எங்குமே இல்லை, "இணைப்பு ஏற்பட்டது" என்பது மட்டும்தான் இருக்கிறது. வருகையை அதிலிருந்து நாம்தான் செய்துகொள்ள வேண்டும். அதற்கு இணைந்த நேரத்தோடு, அதற்கு முன் எவ்வளவு நேரம் இணைப்பு இல்லாமல் இருந்தது என்பதும் வேண்டும்.

முதலில் நான் நினைத்த வழி, இணைப்பு அறுந்ததும் இருபது நிமிடம் காத்திருந்து, அப்போதும் சேரவில்லையென்றால் "வெளியே போய்விட்டார்" என்று குறித்துவைப்பது. இதில் ஒரு பலவீனம் உண்டு. போன் அசையாமல் திரை அணைந்து கிடந்தால், ஆண்ட்ராய்டு 6 முதல் இருக்கும் டோஸ் என்ற ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகும், அங்கே சாதாரண டைமர்கள் தள்ளிப்போகும். இருபது நிமிடம் ஒரு மணி நேரமாகவும் ஆகலாம். டைமரே தேவையில்லாத வழி எளிதாக இருந்தது. அறும்போது அந்த நேரத்தை ஒரு மாறியில் எழுதிவைப்பது, சேரும்போது இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழிப்பது. 1200 விநாடிக்கு மேல் இருந்தால் அவர் வெளியே போய் வந்திருக்கிறார்.

1200 என்ற எண்ணையும் பதிவைப் பார்த்துத்தான் வைத்தேன். வீட்டுக்குள் ஏற்பட்ட அறுபடல்கள் எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்தன. வெளியே போனால் குறைந்தது அரை மணி நேரம் ஆகிறது. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்ததால் இருபது நிமிடம் பொருந்தியது. தெருமுனைக் கடைக்குப் போய் பத்து நிமிடத்தில் திரும்புகிறவர் வீட்டில் இந்த எண் வேறாக இருக்கும். ஒரு வாரம் வெறும் பதிவு மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

சத்தமே இல்லாத வாரம்

நான் சென்னை திரும்பிய நான்காம் நாள் அம்மா கூப்பிட்டார். "ஏம்மா, ரெண்டு நாளா அது சத்தமே போடல. அப்பாவும் மாத்திரை போடல."

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் எனக்குப் பயமே இதுதான். அதிகமாக அடித்தால் யாராவது சொல்வார்கள். அடிக்காமல் போனால், அடிக்கவில்லை என்பதே யாருக்கும் தெரியாது. அப்பா அதை நம்பி ஒன்பது மணி அலாரத்தையும் எடுத்துவிட்டிருந்தார்.

அம்மாவிடம் சொல்லிப் பதிவுக் கோப்பைத் திறக்க வைத்தேன். இரண்டு நாளாக ஒரு வரிகூட இல்லை. செயலி செத்துவிட்டதா, அல்லது உயிரோடு இருந்தும் வைஃபையை அடையாளம் தெரியவில்லையா என்று பிரிக்க வேண்டும். ஒரு சோதனை மேக்ரோ வைக்கச் சொன்னேன்: எந்த வைஃபையில் சேர்ந்தாலும் அதன் பெயரைக் காட்டு, அவ்வளவுதான். வைஃபையை அணைத்துப் போட்டார். அறிவிப்பு வந்தது, அதில் இருந்தது இது:

```
<unknown ssid>
```

அப்பா லொகேஷனை அணைத்திருந்தார். அது சார்ஜைக் குடிக்கிறது என்று கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வைஃபைக்கும் லொகேஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். வைஃபையின் பெயரும் ரவுட்டரின் முகவரியும் தெரிந்தாலே ஒருவர் எந்த வீட்டில், எந்தக் கடையில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட முடியும். அதனால் ஆண்ட்ராய்டு அந்தப் பெயரையும் இருப்பிடத் தகவலாகவே நடத்துகிறது. லொகேஷன் அனுமதி இல்லாவிட்டாலும், ஆண்ட்ராய்டு 9 முதல் லொகேஷனே அணைந்திருந்தாலும், செயலிக்கு உண்மைப் பெயருக்குப் பதில் மேலே உள்ள சொல்தான் கிடைக்கும். இணைப்பு நடந்தது தெரியும், எதனோடு என்பது தெரியாது. ஆண்ட்ராய்டு 10 முதல், செயலி பின்னணியில் ஓடும்போதும் பெயர் தெரிய வேண்டுமென்றால் அனுமதித் திரையில் `Allow all the time` என்றே கொடுக்க வேண்டும். செயலி திறந்திருக்கும்போது மட்டும் என்று கொடுத்தால், நாம் சோதிக்கும்போதெல்லாம் சரியாக நடக்கும், போனைப் பையில் போட்டதும் நடக்காது. இந்தப் பொறியில் சிக்குகிறவர்கள் நிறைய.

அப்பாவிடம் பேசி லொகேஷனை மறுபடி போட்டோம். அவர் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் வேறு வழியும் யோசித்து வைத்திருந்தேன். போனுக்குக் கிடைக்கும் ஐபி முகவரியை அறிய லொகேஷன் தேவையில்லை. ரவுட்டரில் வீட்டு வலையமைப்பை வழக்கமான 192.168.1 என்பதிலிருந்து 192.168.73 போன்ற அரிதான ஒன்றுக்கு மாற்றிவிட்டு, "வைஃபை சேர்ந்தது, முகவரி 192.168.73 என்று தொடங்குகிறது" என்று பார்த்தால் வீட்டை அடையாளம் காணலாம்.

லொகேஷன் சரியான பிறகும் ஒரு நாள் தவறியது. இந்த முறை சோதனை மேக்ரோவும் பேசவில்லை, ஆகவே செயலியே ஓடவில்லை. இதன் காரணம் கொஞ்சம் பழையது. முன்பெல்லாம் செயலி தூங்கிக்கொண்டிருந்தாலும், வைஃபை மாறினால், சார்ஜர் செருகினால், ஆண்ட்ராய்டே தட்டி எழுப்பும். ஒரு நிகழ்வுக்கு இருபது செயலிகள் ஒரே சமயத்தில் எழுந்து பேட்டரியைத் தின்றன. அதனால் 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-இல் வைஃபை மாற்றத்துக்கும், 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இல் சார்ஜர் உட்படப் பெரும்பாலான நிகழ்வுகளுக்கும் அந்தத் தட்டி எழுப்புதலை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த வகைச் செயலிகள் எப்போதும் விழித்திருந்து தாங்களே காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. மேலே எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த அறிவிப்பு அதற்காகத்தான். போன் தயாரிப்பாளர்கள் பலர் பேட்டரி மிச்சம் என்று சொல்லித் தங்கள் பங்குக்கு இப்படி விழித்திருக்கும் செயலிகளைக் கொல்கிறார்கள்.

எனவே பேட்டரிப் பகுதியில் மேக்ரோட்ராய்டுக்கு `Unrestricted`, அந்தப் போனில் தனியாக இருந்த `Autostart`, இரண்டையும் போட வைத்தேன். மூன்றாம் வாரம் ஒரு சிஸ்டம் அப்டேட் வந்து `Autostart` தானாக அணைந்திருந்தது. இப்போது ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு அம்மா அதைப் பார்த்துவிடுகிறார். இன்னொன்று, போனை ரீஸ்டார்ட் செய்தால், ஒருமுறை பின் எண் போட்டுத் திறக்கும்வரை இத்தகைய செயலிகள் ஓடத் தொடங்காது. இரவில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்திருப்பவர்களுக்கு இது இடிக்கும்.

சார்ஜர் ஏன் வேண்டும்

வைஃபை இப்போது நம்பகமாக அடித்தது. ஆனாலும் வாரத்தில் ஓரிரு நாள் மாத்திரை தவறியது. அப்பாவிடம் கேட்டேன்.

"சத்தம் கேக்குதும்மா. அப்பதான் செருப்பக் கழட்டிக்கிட்டு இருக்கேன். சாப்டுட்டுப் போடுவோம்னு நெனைக்கிறேன், அப்புறம் மறந்துபோகுது."

நான் யோசிக்காமல் விட்டது அவர் கை எங்கே இருக்கிறது என்பதை. வைஃபை வாசல் கேட்டிலேயே எட்டிவிடும். அப்போது போன் பையில், கை செருப்பில், மாத்திரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அவர் வந்துவிட்டார் என்று வைஃபையால் சொல்ல முடியும், அவர் கவனம் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. சார்ஜர் அப்படி இல்லை. அவர் போனைக் கையில் எடுத்து, கேபிளைத் தேடி, தானாகவே செருகுகிறார். அந்த நொடியில் போன் அவர் கையில், கண் திரையில், சாப்பாடு முடிந்திருக்கிறது, படுக்கப் போகிறார். நினைவூட்டலுக்கு இதைவிட நல்ல நொடி அந்த இரவில் வேறில்லை.

தொழில்நுட்பமாகவும் சார்ஜர் எளிது. அதற்கு லொகேஷன் அனுமதி வேண்டாம். மின்சாரம் ஏறத் தொடங்கியதுமே போன் டோஸ் நிலையிலிருந்து வெளியே வந்துவிடும், ஆகவே தாமதமும் இல்லை. மேக்ரோட்ராய்டில் `Power Connected/Disconnected` என்ற தூண்டுதல்.

அதனால் வேலையைப் பிரித்தேன். வைஃபை வந்ததும் உடனே அடிக்காமல் இருபத்தைந்து நிமிடம் கழித்து மெதுவாக ஒரு அறிவிப்பு. சார்ஜர் செருகும்போது, அதுவரை மாத்திரை போடவில்லையென்றால் மட்டும், சத்தமாக ஒரு குரல். இங்கே காத்திருப்பு தவிர்க்க முடியாதது, அதனால் காத்திருக்கும் செயலில் அலாரம் வழியாகப் போனை எழுப்பும் தேர்வைக் குறித்துவிட்டேன். இல்லையென்றால் மேசையில் அசையாமல் கிடக்கும் போனில் அது டோஸில் மாட்டும்.

"போடவில்லையென்றால்" என்பதற்குப் போனுக்கு எப்படித் தெரியும்? நினைவூட்டல் காட்டியாயிற்று என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. முதலில் நான் அந்தத் தவறைத்தான் செய்திருந்தேன், அறிவிப்பு காட்டியதும் இன்றைய தேதியை எழுதிவைத்தேன். காட்டியது வேறு, போட்டது வேறு. அறிவிப்பிலேயே "போட்டாச்சு" என்று ஒரு பொத்தான் வைத்து, அதைத் தொட்டால் மட்டும் தேதி எழுதும்படி மாற்றினேன்.

இரவு இரண்டு மணி

சார்ஜர் மேக்ரோ வைத்த மூன்றாம் நாள் காலையில் அப்பாவே கூப்பிட்டார். "என்னம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு உன் குரல் கூப்பிடுது. அம்மா பதறி எந்திருச்சுட்டா."

போனின் தமிழ்க் குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருந்ததால், நான் என் குரலிலேயே பதிவு செய்து வைத்திருந்தேன். மீடியா ஒலி குறைந்திருந்தாலும் கேட்கட்டும் என்று அலாரம் ஒலியில் ஓடும்படி வேறு வைத்திருந்தேன். அன்றிரவு ஒரு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. சார்ஜரில் இருந்த போனுக்கு அது கேபிளைப் பிடுங்கியது போல. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும், யாரோ செருகியது போல. தேதி மாறிவிட்டதால், "இன்று" மாத்திரை போடவில்லை என்று போன் சரியாகவே கணக்குப் போட்டுக் கூப்பிட்டிருக்கிறது.

கரண்ட் போவது வைஃபையையும் ஏமாற்றும். ரவுட்டர் அரை மணி நேரம் அணைந்து மறுபடி வந்தால், அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தபோதும், 1200 விநாடிக் கணக்குப்படி அவர் "வெளியே போய் வந்தவர்". எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் ரவுட்டர் இருந்த பிளக் அதில் சேரவில்லை. ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தோம். நிரலில் செய்திருக்கக்கூடிய எதையும்விட அது நன்றாக வேலை செய்தது.

சார்ஜர் பக்கம் வேறு குழப்பங்களும் இருந்தன. கேபிள் தலை தளர்ந்திருந்தால், போனை நகர்த்தும்போதெல்லாம் செருகியதாகவும் பிடுங்கியதாகவும் மாறி மாறி வரும். பகலில் கடையில் போடும் சார்ஜ் வேறு. ஆண்ட்ராய்டு மின் மூலத்தை ஏசி, யூஎஸ்பி, வயர்லெஸ் என்று பிரித்துச் சொல்லும், அதை வைத்துக் கடையையும் வீட்டையும் பிரிக்கலாமா என்று பார்த்தேன். முடியாது. கம்ப்யூட்டரில் செருகினால் யூஎஸ்பி என்று வரும், ஆனால் சுவர் அடாப்டர், வண்டியில் இருக்கும் சார்ஜர், பவர் பேங்க் எல்லாமே பெரும்பாலும் ஏசி என்றே வரும். என்ன செருகப்பட்டது என்பதுதான் அதில் இருக்கிறது, எங்கே என்பது இல்லை. இடத்தைச் சொல்ல வைஃபைதான் வேண்டும். ஆகவே சார்ஜர் தூண்டுதலுக்கு வீட்டு வைஃபையை நிபந்தனையாக வைத்தேன்.

கடைசியில் வந்து நின்ற வடிவம் இது. மேக்ரோட்ராய்டில் இவை தனித்தனிப் பெட்டிகள், இங்கே படிக்க எளிதாக எழுதியிருக்கிறேன்:

```
CUT  home wifi:
   left = now

JOIN home wifi:
   now - left > 1200
   19:30 - 23:30
   done != today
   -> wait 25 min
   -> if done != today: notify

POWER ON:
   wifi = home
   21:00 - 23:59
   done != today
   -> play voice, notify

BUTTON:
   done = today
```

நேர எல்லைகள் எல்லாம் நள்ளிரவுக்கு முன்பே முடிகின்றன. நள்ளிரவைத் தாண்டும் எல்லை வைத்தால் தேதிக் கணக்குக் குழம்பும், மறுபடி இரண்டு மணிக் கூப்பாடுதான்.

இதை ஒவ்வொன்றாகச் சோதிக்க, பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பில் போனைச் செருகினேன். ஆனால் லேப்டாப்பில் செருகிய போன் ஏற்கெனவே சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். பிடுங்கிச் செருகினால் தொடர்பே அறுந்துவிடும். அதற்கு ஆண்ட்ராய்டிலேயே பொய்யாகச் சொல்ல வைக்கும் கட்டளை உண்டு, லேப்டாப்பிலிருந்து adb என்ற கருவி வழியாக அதைப் போனுக்கு அனுப்பலாம்:

```
adb shell dumpsys battery unplug
adb shell dumpsys battery set ac 1
adb shell dumpsys battery reset
```

முதல் வரி கேபிளைப் பிடுங்கியது போல நம்ப வைக்கும், இரண்டாவது சுவர் சார்ஜரில் போட்டது போல. மூன்றாவதை மறக்கவே கூடாது. விட்டுவிட்டால் போன் அந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டிருக்கும், உண்மையான சார்ஜர் செருகினாலும் பிடுங்கினாலும் அதற்குத் தெரியாது. முதல் வரிக்குப் பிறகு `adb shell dumpsys deviceidle force-idle` கொடுத்தால் போன் உடனே டோஸுக்குப் போகும். இருபத்தைந்து நிமிடக் காத்திருப்பு உண்மையில் எழுந்து அடிக்கிறதா என்று அப்படித்தான் பார்த்தேன். அலாரத் தேர்வு இல்லாமல் ஒருமுறை ஓட்டினேன், நாற்பது நிமிடமாகியும் வரவில்லை. தேர்வோடு ஓட்டியபோது சரியான நேரத்துக்கு வந்தது. முடிந்ததும் `adb shell dumpsys deviceidle unforce`.

நினைவூட்டலின் வாசகம்

இதைக் கடைசியில் எழுதினாலும், மாத்திரைக்காக இப்படி ஏதாவது செய்ய நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். என் குரலில் முதலில் பதிவு செய்த வாசகம் "அப்பா, மாத்திரை போடுங்க" என்பது. ஒரு நாள் அவர் மாத்திரையைப் போட்டுவிட்டு, பொத்தானைத் தொடாமல் விட்டிருக்கிறார். சார்ஜர் செருகும்போது என் குரல் "மாத்திரை போடுங்க" என்றது. அப்பா இன்னொரு மாத்திரையைப் பிரிக்கப் போனார். அம்மா பக்கத்தில் இருந்ததால் தடுத்தார்.

போனுக்குத் தெரிந்தது பொத்தான் தொடப்பட்டதா என்பது மட்டுமே. அதை வைத்து அது கட்டளை போடக் கூடாது, கேட்கத்தான் வேண்டும். வாசகத்தை "அப்பா, மாத்திரை போட்டாச்சா? அட்டையைப் பாருங்க" என்று மாற்றினேன். அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கும் மேல் கிழமை எழுதுவதை அம்மா எடுத்துக்கொண்டார். இப்போது சந்தேகம் வந்தால் அட்டைதான் சாட்சி.

மாற்று ஏற்பாடு ஒன்றும் வேண்டியிருந்தது. 10:50-க்கு ஒரு நேர மேக்ரோவையும் அதே செயலியில் வைக்கலாம் என்று முதலில் எண்ணினேன். ஆனால் செயலி செத்தால் வைஃபை, சார்ஜர், நேரம் மூன்றும் ஒன்றாகவே சாகும். ஆகவே அதை அம்மாவின் போனில், சாதாரணக் கடிகார அலாரமாக வைத்தேன். அதற்கு எந்த நிபந்தனையும் தெரியாது, தினமும் அடிக்கும், அம்மா எழுந்து போய் அட்டையைப் பார்ப்பார். லொகேஷன், அனுமதி, அப்டேட் எதுவும் அதைத் தொடாது.

ஆறாம் வாரம் நான் செய்த கடைசி மாற்றம் போனில் இல்லை. படுக்கையறையில் இருந்த அப்பாவின் சார்ஜரை எடுத்து, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து அலமாரியில், மாத்திரை டப்பாவுக்கு மேலே இருக்கும் பிளக்கில் மாட்டினேன். முன்பு குரல் கேட்டதும் படுக்கையறையிலிருந்து எழுந்து வர வேண்டியிருந்தது, "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்ட நாட்களும் உண்டு. இப்போது கேபிளைத் தேடும் கை டப்பாவைத்தான் முதலில் தொடுகிறது. அதற்குப் பிறகு அம்மா அனுப்பும் பதிவுக் கோப்பில் குரல் ஒலித்த வரிகள் குறைந்துகொண்டே வந்தன. பெரும்பாலான நாட்களில், சார்ஜர் செருகுவதற்குச் சற்று முன்பே "போட்டாச்சு" என்று பதிவாகியிருக்கிறது.